கருவிழி மட்டும்தான் என்று சொன்னேன்

"கருவிழியை மட்டும்தானே எடுப்பாங்கன்னு சொன்னீங்க, அண்ணா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தப் பெண் கோபப்படவில்லை. அப்பாவின் உடல் இருந்த அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்துகொண்டு, தாழ்ந்த குரலில், பதில் தெரிந்தால் போதும் என்கிற மாதிரிக் கேட்டார். மணி ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண் வங்கியிலிருந்து வந்த இருவரும் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். "ஆமாம்மா, ஆனா..." என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

கண் தான விழிப்புணர்வு வேலையில் தன்னார்வலராகச் சில வருடங்களாக இருக்கிறேன். முகாம்களில் மேசை போட்டு உறுதிமொழிப் படிவம் வாங்குவது, இறப்புச் செய்தி வரும்போது குடும்பத்துக்கும் கண் வங்கிக்கும் நடுவில் போனில் நிற்பது, சில சமயம் அந்த வீட்டுக்கே போவது, இவ்வளவுதான் என் வேலை. மருத்துவப் பயிற்சி எதுவும் கிடையாது. ஆனால் பயந்தவர்களைத் தைரியப்படுத்துவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. யாராவது "முகம் எப்படி இருக்கும்?" என்று இழுத்தால் போதும், "கண்ணை எல்லாம் எடுக்க மாட்டாங்க, மேல இருக்கிற கருவிழியை மட்டும், கான்டாக்ட் லென்ஸ் மாதிரி ஒரு சின்ன வட்டம். எடுத்த அடையாளமே தெரியாது" என்று கைவிரலில் வட்டம் போட்டுக் காட்டுவேன். அப்படித்தான் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முகாமில் அந்தப் பெண்ணுக்கும் அவருடைய அப்பாவுக்கும் காட்டினேன். அப்பா உடனே கையெழுத்துப் போட்டார். மகள்தான் திரும்பத் திரும்ப முகத்தைப் பற்றியே கேட்டார். திரும்பத் திரும்ப அதே வட்டத்தைக் காட்டினேன்.

அந்த வட்டம் பொய் இல்லை. பாதி உண்மை. பயத்தைப் போக்குகிறேன் என்று நாங்கள் சொல்லும் பல வாக்கியங்கள் இப்படித்தான் இருக்கின்றன என்பது அன்றைக்குப் பிறகுதான் உறைத்தது.

## அன்று இரவு நடந்தது

அவருக்கு 71 வயது. சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர். வலது கண்ணில் முன்பே புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வீட்டிலேயே மாரடைப்பு. இரவு 9.40-க்கு இறந்தார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் வந்து இறப்பை உறுதிசெய்து எழுதிக் கொடுத்துவிட்டார். 10.25-க்கு மகள் என்னைக் கூப்பிட்டார். இந்த முக்கால் மணி நேரத்தில் அழுது, உறவுக்காரர்களுக்குச் சொல்லி, அந்த நடுவிலும் படிவத்தை ஞாபகம் வைத்திருந்து கூப்பிட்டார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "மின்விசிறி ஓடுதாம்மா?" கட்டிலுக்கு நேர் மேலே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். இதை ஏன் முதலில் கேட்கிறோம் என்றால், உயிரோடு இருக்கும்போது நிமிடத்துக்குப் பல தடவை இமைத்துக் கண்ணை ஈரமாக வைத்துக்கொள்கிறோம். இறந்தபின் அது நின்றுவிடுகிறது. இமை ஒரு கோடு அளவு திறந்திருந்தாலும் அந்தக் கோட்டில் காற்று பட்டுக் கருவிழி காய்ந்து மங்கிவிடும். இமைகளை மெதுவாக மூடிவிட்டு, சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இமையின் மேல் வைக்கச் சொன்னேன். தலைக்கு அடியில் இரண்டு தலையணை. தலை உயர்ந்திருந்தால் ரத்தம் முகத்தில் தேங்காது, அப்புறம் எடுக்கும்போது கசிவு குறையும். அவர் சாப்பிட்ட மாத்திரைகள், கடைசியாகப் பார்த்த மருத்துவச் சீட்டு, மருத்துவர் எழுதிய தாள், மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்து வைக்கச் சொன்னேன். இவ்வளவுதான் குடும்பம் செய்ய வேண்டியது. உடலை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எங்கள் குழுவில் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். உடல் குளிரில் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதை நம்பி யாரும் தாமதிப்பதில்லை.

12.10-க்குக் கண் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதலில் மருத்துவர் எழுதிய தாளைப் படித்தார்கள், பிறகு குடும்பத்திடம் சம்மதக் கையெழுத்து. அதற்கப்புறம் கேள்விகள். கடைசி நாட்களில் காய்ச்சல் இருந்ததா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ரத்தப் புற்றுநோய் ஏதாவது, நாய் கடித்ததா. நாய் என்றதும் அந்தப் பெண்ணின் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தானமா குடுக்கிறோம், நீங்க என்னவோ விசாரணை மாதிரி நடத்துறீங்களே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. 1978-ல் அமெரிக்காவில் காரணம் சரியாகப் பிடிபடாமல் கை கால் செயலிழக்கும் ஒரு நோயில் இறந்தவரின் கருவிழியை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். சில வாரங்களில் அந்தப் பெண்ணும் இறந்தார். இறந்தவருக்கு இருந்தது வெறிநாய்க்கடி நோய் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால்தான் என்ன காரணத்தால் இறந்தார் என்று தெரியாத கண்களைப் பொருத்துவதில்லை. உடலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதனையும் செய்கிறார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப கேளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்து, கையெழுத்து வாங்க வேண்டிய இன்னொரு தாளுக்காகப் பெட்டியைத் திறந்தபோது மகள் பார்த்துவிட்டார். ஐஸ் பொதிகளுக்கு நடுவில் இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகள். சின்ன வட்டத்துக்கு அவ்வளவு பெரிய குப்பி தேவையில்லை. உள்ளே இருந்தது முழுக் கண்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

## இரண்டு முறைகள்

அன்றைக்கு நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். அப்பாவின் முகத்தைப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் போய்ப் பார்த்தார். முகம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது, இமைகள் மூடி, தூங்குகிற மாதிரி. "சரி அண்ணா" என்றார். விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். காலையில் போன் வந்தது. இடது கண்ணின் கீழ் இமை ஓரத்தில் நீலம் பாரித்திருக்கிறது, யாராவது அடித்த மாதிரித் தெரிகிறது, வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்றார். இதையும் நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் கண் வங்கிக்குப் போனேன். அங்கே கண் எடுக்கும் பணியில் நெடுநாளாக இருக்கும் ஓர் அக்காவிடம் உட்கார்ந்து, "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். அவர் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க முகாம்ல பாதியச் சொல்லிட்டுப் போயிடுறீங்க. மீதிப் பாதிய ராத்திரி ஒரு மணிக்கு அந்த வீட்டுல நாங்க சொல்ல வேண்டியிருக்கு."

கண்ணை எடுப்பதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, கருவிழியையும் அதைச் சுற்றி வெள்ளைப் பகுதியில் சில மில்லிமீட்டர் ஓரத்தையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுப்பது. கண்ணின் மீதி உருண்டை அதன் இடத்திலேயே இருக்கும். நான் விரலில் காட்டிய வட்டம் இதுதான். எடுத்த பகுதியை ஊட்டத் திரவம் உள்ள சிறு குப்பியில் உடனே போட்டுவிடுவார்கள். இன்னொன்று, கண்ணைப் பிடித்திருக்கும் தசைகளையும் பின்னால் இருக்கும் நரம்பையும் வெட்டி முழு உருண்டையையும் எடுத்து, ஈரம் காயாதபடி மூடிய குப்பியில் வைத்து, கண் வங்கியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துக் கருவிழியைப் பிரிப்பது. முதல் முறைக்கு நுணுக்கமான பயிற்சி வேண்டும். உள்ளே இருக்கும் அடுக்குகளைக் கிழிக்காமல் வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்ட வேண்டும், வெட்டியதைத் தூக்கும்போது மடியவிடக் கூடாது. மடிந்தால் அந்த மடிப்பில் இருக்கும் செல்கள் செத்துப்போகும். அதையும் ஒரு வீட்டின் படுக்கையறை வெளிச்சத்தில் செய்ய வேண்டும். இரண்டாவது முறையில் அந்த நுணுக்கமான வெட்டு தூய காற்று வீசும் மேடையில், நல்ல விளக்கில், அவசரமில்லாமல் நடக்கிறது. அதோடு கண்ணின் வெள்ளைப் பகுதியும் வேறு சிகிச்சைகளில் ஒட்டுப் போடப் பயன்படுகிறது. எந்த முறை என்பதை அந்தக் கண் வங்கியின் வழக்கமும் அன்று வருகிறவரின் பயிற்சியும்தான் முடிவு செய்கின்றன. அன்று வந்தவர் இரண்டாவது முறையில் மட்டும் பயிற்சி பெற்றவர்.

முழுக் கண்ணையும் எடுத்தால் முகம் குழிவிழுமே என்பதுதான் எல்லோர் மனத்திலும் வரும். குழியில் பஞ்சை உருட்டி வைத்து, அதன் மேல் கண்ணின் வளைவிலேயே செய்த மெல்லிய பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தி, இமைகளை அதன் மேல் மூடிவிடுகிறார்கள். அந்த அக்கா ஒரு மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை. வெளிப்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகளாக மேடு இருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. "இமை வழுக்கித் திறந்துக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றார். முதல் முறையிலும் இதே மூடிதான். ஆக, இரண்டு முறையிலும் மூடிய இமைக்கு வெளியே தெரிவது ஒன்றுதான். நான் "அடையாளமே தெரியாது" என்று சொன்னதில் இந்தப் பகுதி சரி.

நீலம் பாரித்தது வேறு கதை. இறந்த பிறகும் ரத்த நாளங்களில் ரத்தம் இருக்கிறது. முழுக் கண்ணை எடுக்கும்போது பின்னாலிருக்கும் நாளங்கள் வெட்டுப்படுகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கசிவு கூடுதலாக இருக்கலாம். கசிந்த ரத்தம் இமையின் மெல்லிய தோலுக்கு அடியில் பரவினால் நீலமாகத் தெரியும். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்து, தலையை உயர்த்தியே வைத்திருந்தால் பெரும்பாலும் வராது. அந்த வீட்டில் எடுத்து முடித்ததும் தலையணைகளை உருவிவிட்டார்கள். அப்படியே வைத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான். இப்போது சொல்கிறேன், மாத்திரைச் சீட்டில் அந்த மருந்து இருந்தால் போனிலேயே கண் வங்கிக்கும் தெரிவித்துவிடுகிறேன்.

## ஒரு சொல் செய்யும் குழப்பம்

கருவிழி என்ற சொல்லே எங்களுக்கு ஒரு தொல்லை. நாங்கள் கருவிழி என்று சொல்லும்போது எதிரில் நிற்பவர் கண்ணின் கறுப்பை நினைத்துக்கொள்கிறார். கறுப்பை எடுத்துவிட்டால் கண் வெள்ளையாகக் கிடக்குமே என்று அவர் பயப்படுவது நியாயம்தானே? ஆனால் நாம் பார்க்கும் அந்தக் கறுப்போ பழுப்போ, உள்ளே இருக்கும் திரையின் நிறம். அதற்கு முன்னால் கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி ஒட்டியிருப்பதுதான் தானத்தில் பயன்படுகிறது. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலம், நடுவில் அரை மில்லிமீட்டர் கனம், நிறமே கிடையாது. பாடப் புத்தகத்தில் இதே பொருளை விழிவெண்படலம் என்று படித்திருக்கிறோம். ஒரே பொருளுக்கு ஒரு பெயரில் கறுப்பு, இன்னொரு பெயரில் வெள்ளை, உண்மையில் இரண்டும் இல்லை. இப்போதெல்லாம் முகாமில் கருவிழி என்று சொன்ன கையோடு 'கண்ணுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடிப் படலம்' என்றும் சேர்த்துவிடுகிறேன். பாதிப் பயம் அங்கேயே அடங்கிவிடுகிறது.

"எனக்குக் கண்ணாடி போட்டிருக்கு, புரை ஆபரேஷன் ஆயிருக்கு, என் கண்ணு யாருக்கு ஆகும்?" என்று ஒதுங்குகிறவர்களுக்கும் இதே விளக்கம் போதும். புரை விழுவது உள்ளே இருக்கும் லென்ஸில். கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்ணுருண்டையின் நீளத்தால் வருவது. முன்னால் இருக்கும் படலம் தெளிவாக இருந்தால் அதை எடுக்கலாம். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்ததால் மட்டும் யாரும் வேண்டாம் என்பதில்லை. பார்வையைத் திருத்த லேசர் செய்துகொண்டவர்கள் மட்டும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படலத்தையே செதுக்கித்தான் அந்தச் சிகிச்சை. அதனால் முழுக் கனத்தோடு அதைப் பொருத்த மாட்டார்கள், பின் அடுக்கை மட்டும் எடுத்துப் பயன்படுத்த வழி இருக்கிறது.

## சொல்லத் தயங்கும் பயம்

முகத்தைப் பற்றிய பயத்தை வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். இன்னொன்றைக் கேட்க மாட்டார்கள். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் உருட்டிக்கொண்டே நிற்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது அவசரப்பட்டுடுவாங்களோ?" என்றார். முன்பெல்லாம் இதற்கு நான் சிரித்துவிடுவேன். சிரிக்கக் கூடாது. சாகும் முன்பே எடுத்துவிடுவார்களோ என்பது படிக்காதவர்களின் பயம் என்று நினைத்திருந்தேன். நன்கு படித்தவர்களும் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், சிறுநீரகம், கல்லீரல் தானத்தோடு கண்ணையும் சேர்த்து நினைப்பதிலிருந்து. அந்த உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் மூளைச் சாவு அடைந்தவரின் இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மருத்துவமனைக்குள் வைத்து எடுக்கிறார்கள். கருவிழிக்கு ரத்த நாளமே இல்லை. அது தன் ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதயம் நின்று சில மணி நேரம் ஆன பிறகும் அது பயன்படும். ஆகவே ஒருவர் உயிரோடு இருக்கும்போது கண் வங்கிக்கு அவரிடம் எந்த வேலையும் இல்லை. சிகிச்சை தரும் மருத்துவர் வேறு, கண் எடுக்க வருகிறவர் வேறு. பின்னவர் வருவது, இறந்தார் என்று ஒரு மருத்துவர் எழுதிய பிறகு, குடும்பத்தில் ஒருவர் கூப்பிட்டால் மட்டும். பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். "நாங்களா வர மாட்டோம் ஐயா. உங்க வீட்டுல யாராவது கூப்பிட்டாத்தான் உண்டு. கூப்பிடலேன்னா எங்களுக்குத் தெரியவே தெரியாது." அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் கையெழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அவர்களுடைய நம்பிக்கையை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஐந்து நிமிடத்தில் மாற்ற எனக்கு என்ன தகுதி இருக்கிறது? படிவத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வேன்.

## அந்த இரண்டு கண்கள் என்ன ஆயின

"ஒருவரின் கண் இருவருக்குப் பார்வை தரும்" என்பது எங்கள் பதாகையிலேயே இருக்கிறது. அந்த வீட்டிலும் சொல்லியிருந்தேன். மகள் ஒரு மாதம் கழித்து, "யாருக்கு வச்சாங்கன்னு தெரியுமா அண்ணா?" என்று கேட்டார். யாருக்கு என்பதைக் கண் வங்கி சொல்லாது, பெற்றவருக்கும் இவர்கள் யார் என்று சொல்லாது. பயன்பட்டதா என்று மட்டும் கேட்டுச் சொன்னேன். இடது கண்ணின் கருவிழி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வலது கண்ணின் கருவிழி பொருத்தப்படவில்லை, பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

காரணம், கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது அவற்றின் வேலை. இறைப்பது குறைந்தால் படலம் நீர் கோத்து, பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இந்தச் செல்கள் செத்தால் புதிதாக வளர்வதில்லை. வயது ஆக ஆகக் குறையும், புரை அறுவை சிகிச்சையிலும் கொஞ்சம் போகும். கண் வங்கியில் நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். பொருத்துவதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 செல்களாவது இருக்க வேண்டும் என்று பல கண் வங்கிகள் வைத்திருக்கின்றன. இடது கண் அந்த எல்லையைத் தாண்டியது. புரை அறுவை சிகிச்சை ஆன வலது கண் தாண்டவில்லை. புரை ஆபரேஷன் ஆனவர்களும் கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்வது சரிதான். ஆனால் எடுத்த கண் பொருத்தத் தகுமா என்பது எண்ணிப் பார்த்த பிறகே தெரியும் என்ற மீதியை விட்டுவிடுகிறோம்.

1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர்தான் மனிதருக்கு வெற்றிகரமாக முதல் கருவிழி மாற்று செய்தார். சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போனவர் ஒருவர். காயத்தால் கண்ணை எடுக்க வேண்டி வந்த ஒரு சிறுவனின் கருவிழியை அவருடைய இரண்டு கண்ணிலும் ஒட்டினார். ஒன்று கெட்டுப்போனது, ஒன்று தெளிவாக நின்றது. அந்த ஒற்றைக் கண்ணோடு அவர் வேலைக்குத் திரும்பினார். மகளிடம் தயங்கித் தயங்கி வலது கண்ணைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதையையும் சொன்னேன். அவர் ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். "ஒண்ணு ஆச்சுல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தாலும் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார்ணா" என்றார்.

அதுதான் என்னைப் போட்டு அரித்தது. பயந்துவிடுவார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் விட்ட எதைக் கேட்டும் அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை. முழுக் கண் எடுத்தது அவர்களைப் பாதிக்கவில்லை, நீலம் பாரித்ததுகூடப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அந்த இரவில், அந்தத் தாழ்வாரத்தில் அதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டி வந்ததுதான் பாதித்தது.

## கையெழுத்துக்கு என்ன பயன்

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். படிவத்தில் போடும் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. எங்கள் நடைமுறையில், இறந்தவர் உறுதிமொழி கொடுத்திருந்தாலும் வீட்டில் வேண்டாம் என்றால் அப்படியே திரும்பிவிடுவோம். அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதவராக இருந்தாலும் வீட்டில் சரி என்றால் எடுக்கலாம். இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் பலருக்குத் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் கையெழுத்து என்பது ஒருவர் தன் வீட்டாரிடம் சொல்லிவைக்கும் வார்த்தை, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் அதற்குப் பயனில்லை. ஒரு வீட்டில் உறுதிமொழி அட்டை, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. இறந்து மூன்றாம் நாள் துணிகளை எடுத்து வைக்கும்போது மனைவியின் கையில் கிடைத்தது. எங்களைக் கூப்பிட்டு, "இப்ப ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்பது அவருக்கும் தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆகவே பெரியவரிடம், "கையெழுத்தை இங்க போட வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மா முன்னாடி போடுங்க. இதுல இருக்கிற நம்பரை அவங்க போன்ல ஏத்திக் குடுங்க" என்றேன். அன்று முகாமில் எனக்கு ஒரு படிவம் குறைந்தது. பொறுப்பாளர் எண்ணிக்கை கேட்டபோது கொஞ்சம் முகத்தைச் சுளித்தார்.

போன மாதம் அந்தப் பெண்ணின் படிவம் வந்தது, இந்த முறை அவருடையதே. சாட்சி இடத்தில் மகனின் கையெழுத்து. கீழே இருந்த காலி இடத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "எந்த முறையாக இருந்தாலும் சம்மதம். எடுப்பதற்கு முன்னால் என் மகனிடம் சொல்லிவிடவும்." எங்கள் பதிவேட்டில் இப்படி எழுத ஒரு கட்டம் கிடையாது. ஒரு துண்டுத் தாளில் அதை எடுத்தெழுதி, அவர் பெயர் இருந்த பக்கத்தோடு சேர்த்துப் பின் குத்தி வைத்தேன்.